அறையின் நடுவில் வைத்த கருவி

அந்த அறையில் சத்தம் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே, சத்தம் இல்லை என்று பொருள்படும்படி ஒரு அறிக்கை தயாரித்து, கீழே என் பட்டத்தைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்த ஒரு தாளால் முதல் மாடியில் இருந்த ஒரு பெண்மணி தன் வீட்டை விட்டுப் போனார். போவதற்கு முன்பே தன் காதை நம்புவதை நிறுத்தியிருந்தார். பிறகு தன் புத்தியையே சந்தேகப்பட ஆரம்பித்தார்.

எனக்கு இப்போது எழுபத்து நாலு வயது. நாற்பது வருடம் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்தவன். இதை நான் மறந்துபோய்ச் செய்யவில்லை, யாரும் என்னை மிரட்டிச் செய்ய வைக்கவுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டடம் மயிலாப்பூரில், கடைத்தெரு ஒன்றின் மீது இருக்கிறது. தரைத்தளம் முழுவதும் கடை. மேலே மூன்று மாடிகளில் ஆறு வீடுகள். வரைபடம் போட்டது நான்தான். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே குடியும் வந்தேன். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் நானே.

இப்படிப்பட்ட கட்டடத்தில் வரும் தொல்லைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. கடைக்கு வருகிறவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து பையைப் பிரிப்பார்கள். கடையின் தண்ணீர்ச் செலவில் வீட்டுத் தொட்டி காலியாகும். கடைக் குப்பை வீட்டு வாசலில் சேரும். அதனால் ஒவ்வொன்றையும் பிரித்து வைத்தேன். கடைக்கு வாசல் பெரிய தெருவில். வீடுகளுக்கு வாசல் பக்கத்துச் சந்தில், தனி கேட். படிக்கட்டும் லிஃப்டும் சந்தில் மட்டும்தான் திறக்கும். கடைக்குள்ளிருந்து அங்கே வர ஒரு கதவுகூடக் கிடையாது. மின்சார மீட்டர் தனி. தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் தனி. கழிவுநீர்க் குழாய்கூடக் கடையுடையது வீட்டுடையதோடு தெருவில் போய்த்தான் சேரும். பார்க்க வருகிற மற்ற பொறியாளர்களிடம் நான் பெருமையாகச் சொல்வேன்: "ஒரே கட்டடம்தான். ஆனா கடையும் வீடும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கவே செய்யாது."

முதல் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் கீழே ஜவுளிக் கடை. துணி சத்தம் போடாது. ஆகவே என் பெருமைக்கு எந்தக் குறையும் வரவில்லை. சாயங்காலங்களில் சந்து கேட்டை மறித்துக்கொண்டு வண்டி நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஜவுளிக் கடை போய் இனிப்புக் கடை வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றோம். பால், கோவா, நெய் எல்லாம் கெடாமல் வைக்க ஒரு குளிர் அறை வேண்டும் என்றார். கடையின் பின்பகுதியில் இடம் பார்த்தோம். குளிர் அறைக்கு வெளியே ஒரு கம்ப்ரஸர் வைக்க வேண்டும். பின்னால் இருந்த திறந்தவெளியில் தரையில் வைத்தால் நல்லது. ஆனால் பால் வண்டி பின்பக்கமாக வந்து இறக்குவதற்கு அந்த இடம் தேவைப்பட்டது.

"எங்கயாவது ஒசரத்துல மாட்ட முடியுமா சார்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"முடியும்," என்றேன்.

பின்சுவருக்கு மேலே ஓடும் காங்கிரீட் பீமில் இரும்புச் சட்டம் ஒன்றை அடித்து அதன் மேல் கம்ப்ரஸரை உட்கார வைப்பதுபோல ஒரு படம் வரைந்து கொடுத்தேன். அதிர்வு பீமுக்குப் போகாமலிருக்க அடியில் கனமான ரப்பர் திண்டு காட்டியிருந்தேன். அதுவரை சரி. ஆனால் கம்ப்ரஸரின் காலையும் ரப்பரையும் சட்டத்தையும் பீமையும் ஒரே நீளமான போல்ட் துளைத்துக்கொண்டு போவதாக வரைந்துவிட்டேன். போல்ட்டைச் சுற்றி ரப்பர் உறை போட வேண்டும், தலைக்கடியிலும் ரப்பர் வேண்டும். அதைக் காட்டவில்லை. உறை இல்லையென்றால் இரும்பு இரும்பைத் தொட்டு, இரும்பு காங்கிரீட்டைத் தொட்டு, அதிர்வு போல்ட் வழியாகவே நடந்து போய்விடும். நடுவில் இருக்கிற ரப்பர் சும்மா அலங்காரம். இரண்டாம் வருட மாணவனுக்குத் தெரிந்த விஷயம். அவசரத்தில் வரைந்தது. வேலையாட்கள் படத்தில் இருந்தபடியே மாட்டினார்கள்.

அந்தப் பீமின் மேல்தான் முதல் மாடிப் பின் வீட்டின் படுக்கையறைச் சுவர் நிற்கிறது.

அந்த வீட்டில் இருந்தவரை எல்லோரும் மாமி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். கணவர் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தனியாக இருந்தார். ஒரே பிள்ளை நங்கநல்லூரில் குடும்பத்தோடு இருந்தான். தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்டில் பார்த்தால் ஒரு வணக்கம், ஒரு விசாரிப்பு. அதற்கு மேல் பழக்கமில்லை.

குளிர் அறை வந்து பதினைந்து நாளில் என் வீட்டு மணியை அடித்தார்.

"சார், கொஞ்சம் கீழ வரேளா? என் ரூம்ல ஒண்ணு கேக்கறது."

போனேன். பகல் பதினோரு மணி. தெருவில் ஆட்டோ, ஹாரன், பூக்காரியின் கூவல். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாமி," என்றேன்.

"நடு ரூம்ல நின்னுண்டு கேட்டா கேக்காது. இங்க வாங்கோ." கட்டிலின் தலைமாட்டு மூலைக்கு அழைத்துப் போனார். "கையை வைங்கோ சுவத்துல."

உள்ளங்கையை வைத்தேன். அரிசி மாவு மில்லுக்கு வெளியே சுவரில் சாய்ந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி, ஆனால் மிகவும் மெலிதாக. கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

"நின்னுடுத்தா? இன்னும் எட்டு நிமிஷத்துல ஆரம்பிக்கும் பாருங்கோ," என்றார். ஆரம்பித்தது. அப்படியே தொண்டையில் அந்தச் சுருதியைப் பிடித்துக் காட்டினார். "இந்த ஸ்தாயி. ராத்திரி தெரு அடங்கினப்புறம் தலைகாணிக்குள்ளேர்ந்து வரது. தூக்கம் போயிடுத்து சார்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பின்பக்கம் பார்த்தேன். போல்ட்டின் தலை இரும்பில் அழுந்தி உட்கார்ந்திருந்தது. ஒரு நொடியில் புரிந்துவிட்டது. என் படம், என் தவறு.

அங்கே நின்று நான் என்ன யோசித்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கழற்றி மாட்ட வேண்டுமென்றால் குளிர் அறையை நான்கைந்து நாள் நிறுத்த வேண்டும். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி சம்மதிக்க மாட்டார். அவரைப் பகைத்துக்கொண்டால், மின்சாரம் போகும்போது எங்கள் லிஃப்ட் ஓட அவருடைய ஜெனரேட்டரிலிருந்து ஒரு இணைப்பு கொடுத்திருக்கிறாரே, அதுவும் போகும். அந்த இணைப்பை அனுமதித்ததும் நான்தான். எல்லாவற்றையும் பிரித்து வைத்தவன், வசதி என்று வந்ததும் அந்த ஒன்றைச் சேர்த்து வைத்தேன். இப்படியெல்லாம் காரணங்களை அடுக்கிக்கொண்டேன். அடியில் இருந்த காரணம் ஒன்றுதான். அந்தப் படத்தில் தவறு இருக்கிறது என்று என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணாச்சியிடம் நான் எதுவும் கேட்கவேயில்லை. அவர் சம்மதிக்க மாட்டார் என்று நானாக முடிவு செய்தேன்.

மாமி வாரத்துக்கு ஒரு முறை வந்தார். நான் ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டேன், பேசிவிட்டேன், கொஞ்சம் குறைந்திருக்குமே என்று சொன்னேன். ஒருநாள் கிழித்த காலண்டர் தாள்களை ஊசிநூலால் தைத்து ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வரிசையாக நேரம். ஆரம்பித்தது, நின்றது. ஆரம்பித்தது, நின்றது. நான் அதை மேசையில் விரித்துப் பார்த்தேன். வெயில் அதிகமான நாட்களில் ஓட்டம் நீண்டிருந்தது. மழை பெய்த நாட்களில் இடைவெளி நீண்டிருந்தது. கடை மூடியிருந்த ஒரு நாளில், யாரும் கதவைத் திறக்காததால், மிகக் குறைவாக ஓடியிருந்தது. மனப்பிரமைக்கு வெயிலும் மழையும் கடை விடுமுறையும் தெரியாது. ஒரு இயந்திரத்தின் நடத்தையை இதைவிடத் துல்லியமாக என் உதவியாளர்கள்கூடக் குறித்ததில்லை.

அதைத் திருப்பிக் கொடுத்தபோது நான் சொன்னது: "ரொம்பக் கவனிக்காதீங்க மாமி. கவனிக்கக் கவனிக்கத்தான் பெரிசாக் கேக்கும்."

அவர் கட்டை வாங்கிக்கொண்டார். "அப்ப கேக்கறதுங்கறேளா, இல்லைங்கறேளா?" என்றார்.

சங்கக் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தார். கூட்டம் வழக்கம்போல மொட்டை மாடியில், ஞாயிறு காலை. இரண்டாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி கொஞ்சம் வாயாடி. "மாமி, எனக்கு உங்க ரூமுக்கு நேர் மேல ரூம். எனக்குக் கேக்கலையே. நீங்க ராத்திரில சிலோன் ஸ்டேஷன் ஏதாவது பிடிக்கறேளோ?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

"முப்பது வருஷம் காதுல மாட்டிண்டு போர்டு முன்னாடி உக்காந்தவ நான்," என்றார் மாமி. "லைன்ல யார் பேசாம மூச்சு விட்டுண்டு இருக்கானு சொல்லிடுவேன். உங்களுக்குக் கேக்கலைன்னா சத்தம் இல்லைனு அர்த்தமா?"

"அதுக்கில்ல மாமி. கரண்ட் போனா லிஃப்ட்டு ஓடணுமே! அண்ணாச்சி கோச்சுண்டு ஒயரைப் பிடுங்கிட்டா எங்க முழங்காலுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் வங்கி அதிகாரி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நியாயஸ்தன் மாதிரி கையை உயர்த்தி, "வாய்ப்பேச்சு வேண்டாம். கருவி வச்சு, விதிமுறைப்படி அளந்துடலாம். எழுத்துல கொடுத்துடறேன்," என்றேன். மாமியின் முகம் தெளிந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஒலியை அளக்கும் கருவியில் ஒரு திருகு உண்டு. 'ஏ' என்ற இடத்தில் வைத்தால், மனிதக் காது சாதாரணமாகக் கேட்பதைப் போல, கனத்த தாழ்ந்த ஒலிகளைக் கழித்துவிட்டு எண்ணைக் காட்டும். 'சி' என்ற இடத்தில் வைத்தால் அந்த உறுமலையும் சேர்த்துக் காட்டும். அரசாங்க விதி 'ஏ' அளவைத்தான் சொல்கிறது. தெருச் சத்தத்துக்கு அது பொருத்தம். கம்ப்ரஸர் மாதிரியான உறுமலுக்கு இரண்டையும் எடுத்து ஒப்பிட வேண்டும். இன்னொன்று. அறைக்குள் இந்த மாதிரி தாழ்ந்த ஒலி சுவர்களுக்கிடையே மோதி, மூலைகளில் திரண்டு, நடுவில் மெலிந்துபோகும். மாமிக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் நடு அறையில் நின்றால் கேட்காது என்று முதல் நாளே சொன்னவர் அவர்.

நான் கருவியை அறையின் நடுவில் முக்காலி மேல் வைத்தேன். திருகை 'ஏ'யில் வைத்தேன். பகல் பதினோரு மணிக்கு, ஜன்னலைத் திறந்து வைத்து அளந்தேன்.

"சார், மூலையில வைக்கப்படாதோ? நான் தலை வைச்சுப் படுக்கறது அங்கதான்," என்றார்.

"விதிப்படி சுவத்துலேர்ந்து தள்ளித்தான் வைக்கணும் மாமி."

"ராத்திரி ஒருநாள் வந்து..."

"பகல்லயே அளவுக்குள்ள இருந்தா ராத்திரி இன்னும் குறைச்சல்தானே இருக்கும்."

இது பச்சைப் பொய். தெருச் சத்தம் குறையும், கம்ப்ரஸர் குறையாது. கம்ப்ரஸர் ஓடும்போதும் நிற்கும்போதும் எடுத்த இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன, ஏனென்றால் கருவி கேட்டுக்கொண்டிருந்தது தெருவை. "கடையின் இயந்திரத்தால் குறிப்பிடத்தக்க கூடுதல் ஒலி இல்லை" என்று எழுதினேன். எழுதிய எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. யார் சரிபார்த்தாலும் நான் மாட்டிக்கொள்ள மாட்டேன். அவ்வளவு யோசித்துத்தான் செய்தேன்.

மாமி அந்த அறிக்கையை நின்றபடியே இரண்டு முறை படித்தார். "அப்போ எனக்குத்தான் ஏதோ," என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

அடுத்த வாரம் பிள்ளை வந்து என்னைப் பார்த்தான். நல்ல பையன், அம்மா மேல் பிரியம் உள்ளவன். "அங்கிள், அம்மா தூங்கறதே இல்லை. கட்டிலை ஹாலுக்கு இழுத்துண்டு வந்து போட்டிருக்கா. அங்கயும் கேக்கறதாம். இஞ்சினியரே எழுதிக் கொடுத்திருக்காரேம்மான்னு சொன்னா அழறா. டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போலாம்னு இருக்கேன். இந்த ரிப்போர்ட்டைக் காட்டலாமா?"

ஹாலின் சுவரும் அதே பீமின் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. அதை அவனிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. "காட்டு," என்றேன்.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இல்லாத சத்தம் கேட்கிறது என்பவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை. மாமி பகலிலும் தள்ளாட ஆரம்பித்தார். லிஃப்டில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டார். தப்பு செய்தவர் மாதிரி. ஒரு வருடத்துக்குள் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளையோடு போய்விட முடிவாயிற்று. சாமான் ஏற்றிய நாளில் நான் மூன்றாவது மாடி பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். சந்தில் பால் வண்டியும் சாமான் வண்டியும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டன. மாமி கேட்டருகில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ அவர் மடியில் ஒரு இனிப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள், அண்ணாச்சி கொடுத்தனுப்பியது. நான் இறங்கிப் போகவில்லை.

வாங்கியவர்கள் அந்தப் பின்னறையைச் சாமான் போட வைத்துக்கொண்டார்கள். முன்னறையில் படுத்தார்கள். யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை.

அதற்கிடையில் ஒருநாள் கம்ப்ரஸரைப் பார்க்க வந்த மெக்கானிக் ஏணி மேல் நின்றுகொண்டு சொன்னான்: "இன்னா சார் இது, போல்ட்டு நேரா பீம்ல பூந்துக்கினு கீது! எவன் சார் இத்த டிசைன் பண்ணான்? மேல எவனும் தூங்கலியா?" நான், "பழசு, அப்படியே இருக்கட்டும்," என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கேஸ் நிரப்பப் போனான்.

இப்படியே ஐந்தாறு வருடங்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு மாமியின் பிள்ளை போன் செய்தான்.

"அங்கிள், அந்தப் பழைய ரிப்போர்ட் இன்னொரு காப்பி கிடைக்குமா? எங்ககிட்ட இருந்தது எங்கயோ போயிடுத்து. அம்மாவுக்கு இங்கயும் கேக்கறது. இப்ப புது டாக்டர். பழைய ஹிஸ்டரி எல்லாம் கேக்கறார். மாத்திரையைக் கூட்டணுமாம். அந்த வீட்டுலயே சத்தம் இல்லாமதான் கேட்டிருக்குன்னு தெரிஞ்சா அவருக்கு முடிவு பண்ண சௌகரியம்."

அதுவரை, நான் செய்தது முடிந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது, என் தாள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரு பெண்மணியின் மருத்துவக் கோப்பில் முதல் பக்கமாக உட்கார்ந்துகொண்டு, அவருக்குப் போகும் மாத்திரையின் அளவைத் தீர்மானிக்கிறது.

"தேடறேம்பா. அதுவரை மாத்திரையைக் கூட்ட வேண்டாம்னு சொல்லு," என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

முதல் மாடிக்காரர்களிடம் அனுமதி கேட்டு, சாமான்களை ஒதுக்கி, மூலையில் கருவியை வைத்து, ஜன்னலைச் சாத்தி, 'ஏ', 'சி' இரண்டிலும் அளந்தேன். கடை விடுமுறை நாள் விடியற்காலையில், கம்ப்ரஸர் ஓடும்போதும் ஓடாதபோதும். என்ன வரும் என்று எனக்கு முன்பே தெரியும். வந்தது. சுவரில் கையை வைத்தபோது அதே மாவு மில்.

பிறகு அண்ணாச்சியிடம் போனேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பின்பக்கம் அழைத்துப் போய் போல்ட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு வருசமா உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"அந்தம்மா ஒருநா கடைக்கு வந்து எங்கிட்ட நேராவே கேட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இஞ்சினியர் சார் அளந்து எழுதிக் குடுத்துட்டாரும்மான்னு சொன்னேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே எறக்கி வச்சிருப்பம்லா! பால் வண்டிய முன்னால நிப்பாட்டிக்கிட்டா போச்சு. இது ஒரு பெரிய காரியமா?"

நான் இத்தனை வருடமும் யாருடைய சம்மதமின்மைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேனோ, அவர் சம்மதிக்காமல் இருந்ததே இல்லை.

பத்து நாளில் கம்ப்ரஸரை இறக்கினோம். பின்னால் திறந்தவெளியில், கட்டடத்தின் அஸ்திவாரத்தைத் தொடாமல் தனியாக ஒரு காங்கிரீட் மேடை போட்டு, அடியில் ஸ்பிரிங் வைத்து உட்கார வைத்தோம். கடைக்குள் போகும் செப்புக் குழாயில் நடுவே வளையும் குழாய் ஒரு துண்டு சேர்த்தோம். சுவரைத் துளைக்கும் இடத்தில் ஓட்டையைப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தோம். அதே மெக்கானிக்தான். "இப்ப தொட்டுப் பாரு சார். செவுரு செத்த மாரி கீது," என்றான். தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. முதல் மாடிக்காரர் வந்து, "எல்லாம் சரி சார், ஆனா முன்னாடி மட்டும் என்ன இருந்தது?" என்று கேட்டார்.

சங்கக் கூட்டத்திலும் சொன்னேன். வங்கி அதிகாரி இந்த முறை வேடிக்கை பேசவில்லை. செயலாளர் பொறுப்பிலிருந்து நானாக விலகினேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை.

புதிய அறிக்கையைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு, நந்தனம்வரை ஆட்டோவில் போய், அங்கிருந்து மெட்ரோ ஏறி நங்கநல்லூர் போனேன். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மாமி வாசல் அறையில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். கை லேசாக நடுங்கியது. பிள்ளை அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு இருந்தான்.

"வாங்கோ. மூணாவது மாடி சார்தானே?" என்றார் மாமி.

தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். பிள்ளை அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான். அவன் முகம் மாறியது முதலில்.

மாமி ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார்.

"'முந்தைய அளவீட்டில் நேர்ந்த கவனக்குறைவினால்'னு போட்டிருக்கேள். கவனக்குறைவா சார்? நான் மூலையில வைக்கச் சொன்னேனே."

ஒப்புக்கொள்வதற்கென்று எழுதிய தாளிலும் நான் எனக்கு ஒரு மெத்தை போட்டு வைத்திருந்தேன். பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தேன். மேலே 'தெரிந்தே' என்று எழுதினேன். வாக்கியம் இலக்கணமாக இல்லை. பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"இதைப் பாத்துண்டியா?" என்று பிள்ளையைக் கேட்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "நான்தானேம்மா டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போனேன்," என்றான். நான் அந்த வீட்டில் இருந்திருக்கக் கூடாத நேரம் அது. ஆனால் எழுந்து போகவும் எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

சற்றுப் பொறுத்து மாமி, "கருவியைக் கொண்டுவந்திருக்கேளா?" என்றார். கொண்டுபோயிருந்தேன். "இங்க ஒண்ணு கேக்கறதே, அதைப் பாத்துச் சொல்லுங்கோ."

அவருடைய அறையில் நான்கு மூலையிலும் வைத்தேன். தலையணை மேல் வைத்தேன். ஃபிரிட்ஜ், மோட்டார், பக்கத்து வீட்டு ஏசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். சுவரில் காதை வைத்தேன். ஒன்றரை மணி நேரம் தேடினேன். ஏதாவது கிடைத்துவிடாதா என்று அவ்வளவு ஆசையாக நான் எதையும் தேடியதில்லை.

"இங்க எதுவும் இல்லை மாமி," என்றேன்.

"இப்போ நீங்க இல்லைனு சொன்னா, நான் நம்பணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நம்பாதீங்க. என்னைத் தெரியாத ஒருத்தரை வச்சு அளக்கச் சொல்லுங்க," என்றேன்.

பிள்ளை அப்படியே செய்தான். கிண்டியிலிருந்து ஒரு இளம் பெண் பொறியாளர் வந்து, இரவு முழுவதும் கருவியை ஓடவிட்டுப் பதிவு செய்திருக்கிறார். அவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவர் என் திருத்திய தாளைப் படித்துவிட்டு, பழைய நோய்ப் பெயரை அடித்துவிட்டு, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். இப்போது அறவே இல்லை. மாமியின் கை நடுங்குவது நின்றிருக்கிறது என்று பிள்ளை சொன்னான். சத்தம் நிற்கவில்லை. காது நரம்பில் இருக்கலாம் என்கிறார் காது மருத்துவர். வயதில் வருவதுதான் என்கிறார். அந்த அறையில் கழித்த இரவுகள்தான் காரணமா என்று நான் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அதை யாராலும் சொல்ல முடியாதாம்.

இந்தத் தகவல்களை எல்லாம் பிள்ளை எனக்கு ஒரே ஒரு போனில் சொன்னான், அலுவலகக் குறிப்பை வாசிப்பதுபோல. 'அங்கிள்' என்ற வார்த்தை அதில் இல்லை. கடைசியில், "அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா," என்றான். "அந்தக் காலண்டர் தாள் கட்டை நீங்க வாங்கி வச்சுக்கணுமாம். இதெல்லாம் நிஜமாவே இருந்த சத்தம், இதை இனிமே அவ வச்சுண்டிருக்க வேண்டாம்னு சொல்றா."

மறுநாள் போனேன். மாமி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்றேன். மருமகள் கட்டை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. பொடி எழுத்தில், வரிசையாக, ஆரம்பித்தது, நின்றது. ஒரு நேரம்கூடத் தவறில்லை.